தூரம் யாருடைய பொறுப்பு?

“மாணவியர் ஆசிரியர்களின் தனிப்பட்ட கைபேசி எண்ணுக்குச் செய்தி அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும்.”

இந்த வாக்கியம் மாணவியருக்கான சுற்றறிக்கையில் இருந்தால் வியப்பில்லை. ஆசிரியர்களும் அலுவலர்களும் கையெழுத்திட வேண்டிய நடத்தை விதிமுறையின் வரைவில் இது இருந்தது. அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று, ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிப்பது, தன் பணியாளர்களுக்காக அந்த வரைவைத் தயாரித்திருந்தது. கைபேசிப் பயன்பாடு, தனிச்செய்தி, மாணவர்களிடம் நடந்துகொள்ளும் முறை ஆகிய மூன்றும் அதன் பொருள். தமிழைச் சரிபார்த்துத் தரும்படி தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். ஒற்றுப்பிழைகள் அதிகமில்லை. ஆனால் பயனிலைகளுக்கு எழுவாய் தேடிக்கொண்டு போனபோது அந்த ஆவணத்தின் அரசியல் வெளிப்பட்டது.

வரைவில் இருந்தவை இருபத்து நான்கு வாக்கியங்கள். பதினொன்றுக்கு எழுவாய் ‘மாணவியர்’. ஒன்பதுக்கு எழுவாயே இல்லை: ‘கண்ணியம் காக்கப்பட வேண்டும்’, ‘தேவையற்ற தொடுதல் தவிர்க்கப்பட வேண்டும்’. யார் காக்க வேண்டும், யார் தவிர்க்க வேண்டும் என்று செயப்பாட்டு வினை சொல்வதில்லை. மீதி நான்கில்தான் ‘ஆசிரியர்’ எழுவாயாக வருகிறார். அந்த நான்கில் ஒன்று, ஆசிரியைகள் புடவைக்கு மேல் கோட்டு அணிய வேண்டும் என்பது. ஆண் ஆசிரியரைச் செய்பவராக வைத்து எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பள்ளியின் ஆண் மாணவர்கள் பாதுகாக்கப்பட வேண்டியவர்களாக எங்கும் வரவில்லை. போக்சோ சட்டமோ பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் ஆண், பெண் என்று பிரிக்காமல் குழந்தை என்றே சொல்கிறது.

வரைவை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘ஒழுக்கம்’ என்ற சொல் எழுந்தவுடன் நம் கை தானாகவே பெண் பிள்ளையின் தாவணியை நோக்கிப் போகிறது. அந்தப் பழக்கம்தான் விதிமுறையையும் எழுதியிருக்கிறது.

*

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ் படித்த ஒவ்வொருவரும் நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கடந்து வந்திருப்போம். பவணந்தியார் அங்கே ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறார். ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் தயங்காமல் சொல்கிறார். அந்த நேர்மை அதில் உண்டு. ஆனால் இருவருக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் பொறுப்பு முழுவதும் மாணாக்கர் தலையில் இறங்குகிறது. தீக்காய்பவர்போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்க வேண்டியவர் மாணாக்கர். நிழல்போலத் தொடர வேண்டியவரும் அவரே. ஆசிரியர் எந்த வகையில் மகிழ்வாரோ அந்த வகையில், அறத்திலிருந்து பிறழாமல் ஒழுக வேண்டியவரும் அவரே.

அறம் என்ற ஒரு வேலி அங்கே இருக்கிறது, உண்மைதான். அந்த வேலியை எங்கே நடுவது, அது மிதிபட்டால் எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் மாணாக்கரே கண்டுபிடித்தாக வேண்டும். ஆசிரியரின் மகிழ்ச்சி ஓர் அளவுகோலாகிவிட்ட உறவில், ‘சார், இது சரியில்லை’ என்று சொல்லும் வாய் எங்கிருந்து வரும்? நெருப்பின் பக்கத்தில் உட்கார்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது அந்த உவமை. நெருப்புக்கு நடத்தை விதி கிடையாது.

பள்ளிப் பணியாளர்களுக்கான விதிமுறை ஒன்று எழுத வேண்டுமென்றால் முதல் வேலை இந்த உவமையைத் திருப்பிப் போடுவது. தூரத்தைக் காப்பது பெரியவரின் வேலை. பதினைந்து வயதுப் பிள்ளை நெருங்கி வரலாம்; அசட்டுத்தனமாகப் பேசலாம்; ஆசிரியர்மேல் ஆசைகூடக் கொள்ளலாம். அது அந்த வயதின் இயல்பு. பிள்ளை எப்படி நடந்தாலும் ஆசிரியர் எப்படி நடக்க வேண்டும் என்பதே விதியின் பொருள். ஆகவே நான் வைத்துக்கொண்ட இலக்கண விதி எளியது: இந்த ஆவணத்தில் எந்த வாக்கியத்துக்கும் மாணவர் எழுவாயாக வரக்கூடாது, எந்த வாக்கியமும் எழுவாய் இல்லாமல் முடியக்கூடாது.

*

இதைவிடச் சிக்கலானது வரைவின் ஒன்பதாம் விதி. “ஆசிரியர் எவரும் தவறான நோக்கத்துடன் மாணவியருக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது.” எழுவாய் சரியாக இருக்கிறது. பார்த்ததும் நல்ல விதி என்றே தோன்றும். பள்ளியில் எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. நோக்கம் தவறானதாக இருந்தால் மட்டுமே இந்த விதி பாயும். தன் நோக்கம் தவறு என்று எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. எனவே இது யாரையும் தொடாத விதி.

குற்றச் சட்டம் நோக்கத்தைக் கேட்பது வேறு. போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியிலோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பாலியல் தொந்தரவு என்கிறது. 12ஆம் பிரிவின்படி அதற்கு மூன்றாண்டுவரை சிறை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்கத்தான் வேண்டும். அதிலும்கூட, அத்தகைய மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று மெய்ப்பிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு என்கிறது 30ஆம் பிரிவு. நீதிமன்றமே அவ்வளவு தூரம் இறங்கி வரும்போது ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விதி ‘தவறான நோக்கம்’ என்ற பூட்டைத் தன் வாசலில் தானே மாட்டிக்கொள்கிறது.

நடத்தை விதி வேலை செய்ய வேண்டிய இடம் குற்றத்துக்கு முந்தைய இடம். ஒரு குழந்தையைத் தன்வசப்படுத்தும் பெரியவர் முதல் நாளே ஆபாசம் அனுப்புவதில்லை. பாடச் சந்தேகத்தில் தொடங்கும். ‘இந்தக் கணக்கை வகுப்பில் நீ ஒருத்திதான் போட்டாய்’ என்று ஒரு பாராட்டு. பிறகு செய்தி வரும் நேரம் மெல்லத் தள்ளிப்போகும்: மாலை ஆறு, இரவு எட்டு, பத்தரை. பிறகு ‘சாப்பிட்டியா?’. பிறகு தன் வீட்டுத் துயரம், மனைவி தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்ற புலம்பல். இந்த இடத்தில் பிள்ளை, பெரியவரைத் தேற்றும் பொறுப்புக்கு ஆளாகிவிடுகிறாள். பிறகு ‘இதை யாரிடமும் சொல்லாதே, தப்பா நினைப்பாங்க’. பிறகு ‘படித்ததும் அழித்துவிடு’. இந்த வரிசையில் எந்த ஒரு செய்தியைத் தனியாக எடுத்துக் காட்டினாலும் ‘அக்கறையில் கேட்டேன்’ என்ற பதில் தயாராக இருக்கும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் அவர் கையில் இருப்பதால் பிள்ளையாலும் பதில் போடாமல் இருக்க முடியாது.

ஆகவே விதி நோக்கத்தையும் உள்ளடக்கத்தையும் விட்டுவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் மூன்றைப் பிடிக்க வேண்டும். எந்த வழியாக அனுப்பினார்? எத்தனை மணிக்கு அனுப்பினார்? இன்னொரு பெரியவருக்கு அது தெரியுமா? இந்த மூன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். யாருடைய நெஞ்சையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நல்ல ஆசிரியருக்கும் இது நியாயமானது. அவரைக் கெட்டவர் என்று சொல்லாமலே ‘இரவு பத்தரைக்குத் தனிச்செய்தி போட்டீர்கள், இனி வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது.

*

விதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது தலைமையாசிரியர், மூன்று ஆசிரியர்கள், அலுவலக உதவியாளர் ஒருவர், நான் என்று ஆறு பேர் இருந்தோம். முதலில் வந்த யோசனை முழுத்தடை: ‘எந்த ஆசிரியரும் எந்த மாணவருக்கும் கைபேசியில் செய்தி அனுப்பக் கூடாது.’ உறுதியாக ஒலிக்கிறது. ஆனால் மழை விடுமுறை, சிறப்பு வகுப்பு நேர மாற்றம், உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், விளையாட்டுப் போட்டிக்குப் போன குழு திரும்பும் பேருந்து என்று பள்ளி நடப்பதே கைபேசியில்தான். முழுத்தடையை முதல் வாரத்திலேயே எல்லோரும் மீறுவார்கள். எல்லோரும் மீறும் விதி, மோசமாக மீறுபவருக்கு நல்ல மறைவிடம். ‘அவர் மட்டுமா அனுப்பினார்?’ என்ற ஒரு கேள்வியில் விசாரணை முடிந்துவிடும்.

இரண்டாவது யோசனையைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வலியுறுத்தியது: ஒவ்வொரு செய்தியும் தந்தைக்கும் போக வேண்டும். பெரும்பாலோர் இதையே சரி என்பார்கள். நான் இதை எதிர்த்தேன். ஏன் என்பதை ஒரு நிகழ்வை வைத்துச் சொல்கிறேன். குழுவில் நாங்கள் விதியைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்ட நிகழ்வு இது.

பதினொன்றாம் வகுப்பு மாணவி. பதினாறு வயது. இரவு 10.40க்கு வேதியியல் ஆசிரியருக்குத் தாயின் கைபேசியிலிருந்து செய்தி வருகிறது: “சார், தூங்கிட்டீங்களா? வீட்ல பிரச்சனை. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

முழுத்தடை இருந்தால் பயந்த ஆசிரியர் பதில் போடமாட்டார். இரக்கமுள்ளவர் விதியை மீறி ரகசியமாகப் பதில் போடுவார். ஒருவர் பிள்ளையைக் கைவிடுகிறார். மற்றவர் ரகசியத்தில் பங்காளி ஆகிறார். ஆபத்தான ஆசிரியரும் இதே ரகசியத்தில்தான் தொடங்குவார். வெளியிலிருந்து இருவரையும் பிரித்துப் பார்க்க முடியாது. ‘தந்தைக்கு அனுப்பு’ என்ற விதி இருந்தால் செய்தி தந்தைக்குப் போகும். அந்த வீட்டுப் பிரச்சனை, அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கே நடக்கவிருக்கும் நிச்சயதார்த்தமாக இருந்தால்? அடிக்கிற அண்ணனாக, குடித்துவிட்டு அறைக்குள் வரும் சித்தப்பாவாக, வேறு சாதிப் பையனோடு பேசியதைக் கண்டுபிடித்ததாக இருந்தால்? வெளியே ஒரு கதவைத் தட்டிய பிள்ளையை நாமே பிடித்து வீட்டுக்குள் தள்ளித் தாழ் போட்டதாகிவிடும். நம் ஊரில் பல பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் வீட்டைத் தவிர இருக்கும் ஒரே இடம். ‘பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது’ என்ற விதி, பாதுகாப்பு என்ற பெயரில் அந்த இடத்தையும் வீட்டின் ஒரு அறையாக மாற்றிவிடுகிறது.

எனவே இரண்டாவது ஆள் வேண்டும். அவர் தானாகவே தந்தையாக இருக்கக் கூடாது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு விதி இப்படி ஆயிற்று:

“பணியாளர் ஒவ்வொருவரும் பள்ளிச் செய்திகளைப் பள்ளியின் எண்ணிலிருந்தோ, இரண்டு பணியாளர்கள் நிர்வாகிகளாக இருக்கும் வகுப்புக் குழுவிலோ மட்டும், மாலை ஏழு மணிக்கு முன் அனுப்ப வேண்டும். மாணவர் தனியாகச் செய்தி அனுப்பினால் பணியாளர் அதற்கு ஒரு முறை, சுருக்கமாகப் பதில் அளித்து, உரையாடலைப் பள்ளி நேரத்துக்கு மாற்ற வேண்டும். அன்றே அல்லது மறுநாள் காலைக்குள் பொறுப்பாசிரியருக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ரகசியம் காப்பதாக மாணவருக்கு வாக்குறுதி தரக் கூடாது. செய்தியை அழிக்கவோ, தானே மறையும்படி வைக்கவோ, அழிக்கச் சொல்லவோ கூடாது. செய்தியின் பொருளைப் பெற்றோருக்குச் சொல்வதா என்பதைப் பொறுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் பிள்ளையிடம் பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.”

பொறுப்பாசிரியர்கள் இருவர், ஒருவராவது பெண். அவர்கள் யார் என்பதை மாணவர்களும் சேர்ந்து சொன்ன பெயர்களிலிருந்து தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று.

இப்போது 10.40க்கு வந்த செய்திக்குத் திரும்புவோம். ஆசிரியர் என்ன எழுதலாம்? கைபேசி பிள்ளையுடையது அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அம்மா, அப்பா, அண்ணன் யார் வேண்டுமானாலும் பதிலைப் படிக்கலாம். ‘என்ன பிரச்சனை, விவரமாகச் சொல்’ என்று கேட்பது அவளை மாட்டிவிடும், தனியுரையாடலையும் நீட்டும். நாங்கள் எழுதிவைத்த மாதிரிப் பதில் இது: “பார்த்தேன்மா. இப்போ உடனே உதவி வேணும்னா ஃபோன் பண்ணு. இல்லன்னா காலையில முதல் மணிக்கு முன்னாடி பயாலஜி மிஸ்ஸப் பாரு. நானும் அவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்.” பிரச்சனை என்ன என்று இதில் எதுவும் இல்லை. தான் தனியாக இதை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றிரவே அவர் பொறுப்பாசிரியையை அழைத்துச் சொல்கிறார். மறுநாள் பதிவேட்டில் நாள், நேரம், எந்த எண், என்ன பதில், யாரிடம் சொன்னேன் என்று ஐந்து வரி எழுதுகிறார். அவளோடு பேசிய பொறுப்பாசிரியைக்கு அது நிச்சயதார்த்தம் என்று தெரிந்தால், 1098க்கும் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் தகவல் போகிறது. தந்தையிடம் பேசும் வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள்.

வேதியியல் ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்று நாம் ஒரு கணமும் கேட்கவில்லை. கேட்காமலே பிள்ளைக்கு உதவி கிடைத்தது. அவருக்கும் நாளை ஒரு பழி வந்தால் கையில் ஐந்து வரி இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் ஆண் ஆசிரியர்கள் பதிவேட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

பதிவேட்டின் இன்னொரு பயன் பின்னால் தெரியும். ஓராண்டுக்குப் பிறகு புரட்டினால், ஒரே ஆசிரியர், ஒரே மாணவர், தள்ளிப்போகும் நேரம் என்ற கோலம் கண்ணில் படும். பதிவேட்டில் ஒரு ஆசிரியரின் பெயரே இல்லை, ஆனால் அவர் இரவில் செய்தி அனுப்புவது பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும் என்றால், அந்த வெற்றிடமே தலைமையாசிரியர் பார்க்க வேண்டிய குறிப்பு.

*

இத்தகைய விதிமுறைக்குள் ஒரு பொறி இருக்கிறது. நடத்தை விதி இருப்பதாலேயே குற்றம் விதிமீறலாகச் சுருங்கிவிடலாம். எத்தனையோ பள்ளிகளில் ‘எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டோம்’, ‘ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டோம்’ என்று கதை முடிகிறது. அந்த ஆசிரியர் அடுத்த ஊரில் வேறு பள்ளியில் சேர்கிறார். இங்கே பிள்ளை மாற்றுச் சான்றிதழோடு வெளியேறுகிறாள்.

எங்கள் வரைவில் ‘புகார் வந்தால் நிர்வாகக் குழு விசாரித்து, உண்மை எனத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும்’ என்று ஒரு விதி இருந்தது. சட்டம் இதற்கு நேரெதிர். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பள்ளி விசாரித்து உறுதி செய்தபின் என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை. தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளரே தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும். பள்ளி நிர்வாகத்தினரோ பணியாளரோ அந்தப் பள்ளியிலேயே செய்யும் பாலியல் தாக்குதலைச் சட்டம் கடுமையாக்கப்பட்ட குற்றமாகவே வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் கெடும் என்பது எந்தப் பிரிவிலும் விதிவிலக்காக இல்லை.

எனவே விதிமுறையில் இரண்டு பாதைகளைப் பிரித்து எழுதினோம். எல்லை மீறல் ஒன்று: நேரம் தப்பிய செய்தி, பதிவேட்டில் எழுதாத உரையாடல், மாணவரின் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தது, இன்ஸ்டாகிராமில் மாணவரைப் பின்தொடர்ந்தது. இவற்றைத் தலைமையாசிரியர் பேசி, எழுதி, கவனிக்கலாம். குற்றம் பற்றிய ஐயம் இன்னொன்று. அங்கே பள்ளிக்கு வேலை மூன்றுதான்: பிள்ளை சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதுவது; அந்தப் பணியாளரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது; அன்றே காவல்துறைக்குத் தெரிவிப்பது. பிள்ளையைக் குழுவின் முன் நிறுத்தித் திரும்பத் திரும்பக் கேட்பது, இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பது, கைபேசியை வாங்கிச் சுற்றுக்கு விடுவது மூன்றும் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டன. எந்தப் பாதை என்று ஐயம் வந்தால் இரண்டாவதே என்பது கடைசி வரி.

*

சட்டம் நின்றுவிடும் ஓர் இடத்தில் விதிமுறை தொடர வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே பல பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிறைந்துவிடும். அன்றோடு போக்சோ அவர்களை விட்டு விலகுகிறது. செய்முறை மதிப்பெண் விலகுவதில்லை. ஆசிரியரின் அதிகாரமும் விலகுவதில்லை. ஆகவே விதிமுறை ‘குழந்தை’ என்ற சொல்லை விட்டு, ‘வயது எதுவாயினும் இப்பள்ளியின் மாணவர்’ என்று எழுதிக்கொண்டது. பொதுத்தேர்வு முடிந்து ஓராண்டுவரை இது நீளும் என்றும் சேர்த்தோம். ‘தேர்வு முடிந்த பிறகுதான் பேச ஆரம்பித்தோம்’ என்று சொல்லப்படும் காதல்களில் எத்தனை தேர்வுக்கு முன்பே விதைக்கப்பட்டவை என்று பள்ளிகளில் வேலை செய்த பெண்களுக்குத் தெரியும்.

வகுப்புக் குழுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது தாய்மார்களின் எண்கள். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி வைத்தாலும் எண்கள் மறைவதில்லை. கம்யூனிட்டி என்ற வசதியின் அறிவிப்புப் பகுதியில், நிர்வாகியல்லாத உறுப்பினர்களுக்கு மற்றவர்களின் எண் தெரியாது. சிறிய விஷயம்தான். ஆனால் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து இரவில் ‘ஹாய்’ வந்து, அதற்காக வீட்டில் பேச்சு வாங்கிய பெண்களுக்கு இது சிறிதல்ல.

2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதியதைத் தொடர்ந்து ஓர் ஆசிரியர் கைதானார். வேறு பள்ளிகளிலிருந்தும் குரல்கள் எழுந்தன. அதன் பிறகு தமிழ்நாடு அரசு இணையவழி வகுப்புகளுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்றது. 14417 என்ற உதவி எண் சுவரில் ஏறியது. அந்த மாணவிகள் ஏன் பள்ளியில் படிக்கும்போது பேசவில்லை என்று அன்று பலர் கேட்டார்கள். கேள்வியின் எழுவாயைக் கவனியுங்கள். அதுவும் மாணவிகள்தான்.

எங்கள் வரைவுக்கு இன்னும் தீராத குறைகள் உண்டு. பதிவேட்டைத் தலைமையாசிரியர் பார்க்கிறார். தலைமையாசிரியரை யார் பார்ப்பது? தாளாளர் என்றால், தாளாளரை? நிர்வாகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் பருவத்துக்கு ஒரு முறை பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதினோம். நிர்வாகம் அதை இன்னும் ஏற்கவில்லை. மாதச் சம்பளத்துக்குத் தற்காலிகமாக வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் மூத்த ஆசிரியரைப் பற்றித் தெரிவித்தால் ஜூன் மாதம் அவருக்கு வேலை இருக்குமா? தகவல் தெரிவித்தவரின் பணியைப் புதுப்பிக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற வரி மட்டும் நின்றிருக்கிறது. அது போதாது. கோட்டு விதி நீக்கப்பட்டது. ஆனால் இரண்டு ஆசிரியைகள் அது இருக்கட்டும் என்று வாதாடினார்கள். மாணவர்கள் கைபேசியில் தங்களைப் படம் எடுப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயம் உண்மையானது. அதற்கான விடை ஆசிரியைகளின் அனுமதியில்லாமல் அவர்களைப் படம் எடுப்பது பற்றிய விதியில் இருக்கிறது. அவர்கள் தோளில் இன்னொரு துணியைப் போடுவதில் இல்லை.

விதிமுறை இருபது விதிகளாகி, கையெழுத்துக்குப் போவதற்கு முன் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கப்பட்டது. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டது: இதில் எந்த விதியை ஆசிரியர் மீறினால் உங்களுக்கு உடனே தெரியும்? பழைய வரைவில் இருந்து இரண்டு விதிகளையும் சொல்லாமல் இடையில் சேர்த்து வாசித்தார்கள். ‘கண்ணியம் காக்கப்பட வேண்டும்’ என்ற விதிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. ‘ஏழு மணிக்குப் பிறகு தனிச்செய்தி அனுப்பக் கூடாது’ என்பதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. ‘அழிக்கச் சொல்லக் கூடாது’ என்பதற்குக் கைகள் மெதுவாக உயர்ந்தன. ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். அன்று மதியமே பொறுப்பாசிரியை அவளோடு பேசினார். அந்த இரண்டு விதிகளும் இப்போது அலுவலகக் கோப்பில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உட்புறத்திலும், பிள்ளைகள் எழுந்து நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன.